பிளாஸ்டிக் முட்டை: கண்டது சரி, கொண்ட முடிவு தவறு

2017 மார்ச் இறுதியில் கொல்கத்தாவில் ஒரு குடும்பத்தலைவி, வாங்கி வந்த முட்டை வழக்கம்போல் இல்லை என்று போலீசில் புகார் கொடுத்தார். தோசைக்கல்லில் ஊற்றியதும் விநோதமாகப் பரவியது, ஓட்டின் உள்பக்கத்துத் தோல் தீப்பிடித்து எரிந்தது என்பது புகார். பார்க் சர்க்கஸ் சந்தையில் முட்டை விற்ற ஒருவர் கைதானார். மாநகராட்சி ஊழியர்கள் சந்தை சந்தையாக மாதிரி எடுத்தார்கள். சோதனைகளில் பிளாஸ்டிக் எதுவும் அகப்படவில்லை. அப்படி ஒரு முட்டையைச் செய்யும் தொழில்நுட்பமே இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் பின்னர் விளக்கக் குறிப்பு வெளியிட்டது. ஆனாலும் நம்பிக்கை முழுதாக அடங்கவில்லை. “அது வதந்தி” என்ற மறுப்பு மக்கள் கண்ணால் கண்டதை விளக்கவில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம்பிக்கைகளைத் திருத்தும் பத்தி எழுதுகிறவர் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

அந்தத் தோலையே எடுத்துக்கொள்வோம். முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. முட்டையின் அகன்ற முனையில் மட்டும் அவை பிரிந்து நின்று காற்றறையை உண்டாக்குகின்றன. புரத இழைகளால் ஆன இந்தச் சவ்வு ஈரத்தில் மிருதுவாக இருக்கும். காய்ந்தால் பாலித்தீன் தாள்போல விறைத்துச் சரசரக்கும். நெருப்பு வைத்தால் எரியவும் செய்யும். ஆக, பார்த்தவர் பொய் சொல்லவில்லை. எரியும்போது வரும் வாசனைதான் வேறுபாட்டைக் காட்டும். சவ்வு எரிந்தால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், கரியாகி நொறுங்கும். பாலித்தீன் உருகிச் சொட்டும், மெழுகுவத்தி வாசனை அடிக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் முழு முட்டை ஒன்றை வினிகரில் போட்டு ஒரு நாள் விட்டுவிடலாம். ஓடு சுண்ணாம்புக் கற்களில் உள்ள அதே கால்சியம் கார்பனேட் என்பதால் நுரைத்துக் கரைந்துவிடும். மிஞ்சும் முட்டையைக் கொட்டாமல் தாங்கிக்கொண்டிருக்கும் பைதான் “பிளாஸ்டிக்” என்று சந்தேகப்பட்ட அந்தச் சவ்வு. பிளாஸ்டிக் ஓடாக இருந்தால் வினிகரில் ஒரு குமிழிகூட எழாது.

பிளாஸ்டிக் முட்டைக்கு இன்னொரு சான்றாகச் சொல்லப்படும், பந்துபோல எகிறும் மஞ்சள்கருவுக்கும் இப்படிக் காரணம் உண்டு. பச்சை முட்டையின் மஞ்சள்கரு சுமார் மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே உறைந்தால் களிபோல் இறுகிவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குளிர்ப்பெட்டியில் உறைபனித் தட்டை ஒட்டி வைத்த முட்டைக்கு இது நேரலாம். கோழித் தீவனத்தில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு அதிகமானாலும், அந்த முட்டைகளைக் குளிரில் வைத்திருக்கும்போது மஞ்சள்கரு ரப்பர்போல் ஆகும். கல்லில் விநோதமாகப் பரவுவதற்குப் பெரும்பாலும் பழமையே காரணம். வங்காளத்துக்கு அன்று முட்டை கணிசமாக ஆந்திரத்திலிருந்து லாரியில் வந்தது. கோடை வெக்கையில் நாள்பட்டால் வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், மஞ்சள்கருவைச் சுற்றிய மெல்லிய படலம் தளர்ந்து இரண்டும் கலந்து ஓடும். அது பிளாஸ்டிக் இல்லைதான், ஆனால் நல்ல முட்டையும் இல்லை. புகார் சொன்னவரின் அதிருப்தியில் இவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடும் பத்தி பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் அல்ஜினேட்டை வைத்து முட்டை வடிவம் செய்து காட்டும் காணொளிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வடிவம் செய்யலாம். ஆனால் வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாகிறது. பிளாஸ்டிக்கோ சூட்டில் இளகுகிறது. ஓடு, சவ்வு, காற்றறை, தனித்தனியே வேகும் இரண்டு கருக்கள் என எல்லாவற்றையும் செய்து, அதை அன்று ஐந்து ரூபாய் அளவில் விற்ற முட்டைக்குப் போட்டியாக அட்டையில் அடுக்கி லாபம் பார்க்க முடியாது. கலப்படம் செய்கிறவன் மலிவான பொருளை விலை உயர்ந்த பொருளில் சேர்ப்பான்; இங்கே கணக்கு தலைகீழாக இருக்கிறது.

இவ்வளவு தெளிவாகப் பொய்யான விஷயத்தை ஏன் நம்பினார்கள் என்று கேட்பதற்கு முன், நம்பியவர்களின் ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1988இல் இதே நகரத்தின் பெஹாலாவில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்த சமையல் எண்ணெயால் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கைகால் செயலிழந்தது. முட்டைப் புகாருக்கு அடுத்த ஆண்டே, குப்பைமேட்டில் வீசிய செத்த விலங்குகளின் இறைச்சி விற்பனைக்குப் போன விவகாரம் வெளியாகி, கொல்கத்தாவில் உணவகம் போகவே மக்கள் அஞ்சினார்கள். சாப்பாட்டில் எதையும் கலப்பார்கள் என்ற சந்தேகம் அறியாமையில் பிறந்ததல்ல. அனுபவம் தந்த சரியான எச்சரிக்கை தவறான பொருளின்மேல் விழுந்திருக்கிறது, அவ்வளவே. இதை இப்படியே எழுதினால் வாசகர் தன் மானத்தைக் காத்துக்கொண்டே கருத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

உளவியலிலும் இதற்கு ஆதாரம் உண்டு. 1994இல் ஹோலின் ஜான்சனும் கோலின் சைஃபர்ட்டும் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிடங்குத் தீ விபத்துச் செய்தியைப் படிக்கத் தந்தார்கள். அலமாரியில் பெயிண்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக முதலில் சொல்லி, பிறகு அது தவறு, அலமாரி காலி என்று திருத்தினார்கள். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்கள்கூட, தீக்குக் காரணம் கேட்டபோது பெயிண்டையே சொன்னார்கள். தீவைப்புக்கான பொருள்கள் வேறிடத்தில் கிடைத்தன என்று மாற்றுக் காரணம் தந்தபோதுதான் பெயிண்டைக் காரணமாகச் சொல்வது குறைந்தது. “பிளாஸ்டிக் இல்லை” என்பது காலி அலமாரி. “நீங்கள் பார்த்தது சவ்வு, அது எரியும்” என்பதுதான் மாற்றுக் காரணம்.

இப்படி இதமாக எழுதினால் பொய்க்குச் சலுகை ஆகாதா, கைதான வியாபாரிக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி கனமானது. இதம் நம்பியவருக்குத்தான், நம்பிக்கைக்கு அல்ல. பிளாஸ்டிக் முட்டை இல்லை என்ற வாக்கியத்தில் “இருக்கலாம்”, “என்று தோன்றுகிறது” எதுவும் சேரக்கூடாது. ஆதாரமில்லாத முடிவால் ஒரு சிறுவியாபாரியின் பிழைப்பு குலைந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியவர்கள், சோதனைக்கு முன்பே கைது செய்தவர்களும் தலைப்பு போட்டவர்களும்தான். முட்டையைச் சந்தேகித்த வாங்குபவர் அல்ல. பத்தியின் வரிசையும் இதிலிருந்தே அமையும்: முதலில் உண்மை, பிறகு அவர் கண்டது, அதன் காரணம், கடைசியாக அவர் கையால் செய்து பார்க்கும் ஒரு சோதனை. முட்டைக்கு அது எளிது. தண்ணீரில் போட்டால் புதியது படுத்துக் கிடக்கும், பழையது காற்றறை பெருத்து நிமிரும், மிகப் பழையது மிதக்கும். மிதந்த முட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குப் பிளாஸ்டிக் என்ற காரணம் தேவையில்லை.