கையிலுள்ள இடமா, மீண்டும் ஓராண்டா?

ஜூன், ஜூலை மாதங்களில் கல்விக்கடன் குறித்து விசாரிக்க வரும் பெற்றோர் பலர், வட்டி விகிதத்திற்கு முன்பாகவே ஒரு வினாவை எழுப்புகின்றனர்: "கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வு எழுதலாமா?" எந்த நிறுவனத்தின் இடம் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஜோசா கலந்தாய்வில் ஓர் ஐ.ஐ.டி.யில் விருப்பமில்லாத பிரிவும், ஜோசாவுக்கு வெளியே நடைபெறும் தனிக் கலந்தாய்வில் டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஓரளவு விரும்பும் பிரிவும் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி.யில் சேர்ந்துவிட்டால், இடையில் விலகினாலும், மீண்டும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத இயலாது. இறுதிச் சுற்று ஒதுக்கீட்டிற்கு முன்னரே விலகியவருக்கு மட்டுமே அவ்வாய்ப்பு நிலைக்கும். டெல்லி பல்கலைக்கழக இடத்திற்கு இத்தடை இல்லை. அங்குப் பயின்றுகொண்டே மறுமுறை எழுதலாம். ஆயினும் அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை மட்டுமே எழுத முடியும். ஆகவே, மறுமுயற்சியே அவரது கடைசி முயற்சி. ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கு மூன்று ஆண்டுகள் வாய்ப்பு உண்டு.

டெல்லி மாணவருக்கு மற்றொரு பாதுகாப்பும் உள்ளது. டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 85 விழுக்காடு இடங்கள் டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோருக்கு உரியவை. ஓராண்டு கழித்து விண்ணப்பித்தாலும் அவ்வுரிமை தொடரும். ஆனால் இந்த ஆண்டு கிடைத்த பிரிவு அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். பயிற்சிக் கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய் எனவும், முதல் பணியின் ஆண்டு ஊதியம் ஆறு லட்சம் எனவும் கொள்வோம். ஓராண்டு தாமதத்தின் விலை ஏழரை லட்சம். பட்டப்படிப்புக்கான கல்விக்கடன் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. அத்தொகை குடும்பச் சேமிப்பிலிருந்தே செல்லும்.

இவ்விலைக்கு ஏற்ற பயன் கிட்டுமா என்பதை மாணவரின் விடைத்தாளே உணர்த்தும். இழந்த மதிப்பெண்களை இரு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். படிக்காமல் விட்ட பாடங்களால் இழந்தவை முதல் பத்தியில். முழுமையாகப் படித்தும் இழந்தவை இரண்டாம் பத்தியில். முதல் பத்தி நீண்டிருந்து, ஜனவரி மெயினைவிட ஏப்ரல் மெயினில் மதிப்பெண்ணும் உயர்ந்திருந்தால், கூடுதல் ஓராண்டுக்குப் பொருள் உண்டு. பாடத்திட்டம் முழுவதையும் முடித்த பின்னரும் இரு அமர்வுகளிலும் மதிப்பெண் அசையாதிருந்தால், அதே முறையில் இன்னும் ஓராண்டு படிப்பது தரவரிசையைப் பெரிதும் மாற்றாது.

நம் மாணவரின் முதல் பத்தி நீண்டது எனில், ஐ.ஐ.டி. இடத்திலிருந்து உரிய நாளுக்குள் விலகி, டெல்லி பல்கலைக்கழகத்தில் சேர்வது நடுவழி. இதனால் ஓராண்டு வீணாகாது. கல்லூரிப் பாடங்களுக்கு இடையே படிக்க நேரம் குறையும் என்பதே இதன் குறை. இரண்டாம் பத்தி நீண்டது எனில், இருக்கும் இரு இடங்களுள் ஒன்றைத் தெரிவதே தக்கது.

விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படலாம். ஆகவே முடிவெடுக்கும் முன் அவ்வாண்டின் தகவல் கையேட்டில் தகுதி விதிகளையும், விலகுவதற்கான இறுதி நாளையும் படித்துவிடுங்கள். அந்நாள் கடந்துவிட்டால், தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இராது.