மருமகனுக்கு: அம்மாவின் முதல் நவம்பர்

பொகவந்தலாவை
ஒக்டோபர் 12, 2026

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. நவம்பருக்குள் அம்மாவின் குழிக்குச் சீமெந்து கட்டி, மேலே டைல்ஸ் பதித்துவிடச் சொல்லியிருக்கிறாய். இந்த வருஷம் அது வேண்டாம். போனில் சொன்னால் "சரி மாமா" என்று சொல்லி வைத்துவிட்டு, வேறு யாரையாவது பிடித்து வேலையை முடித்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்காவை அடக்கம் பண்ணியது ஜூன் மாதம், நல்ல மழைக்குள். வெட்டியெடுத்த மண்ணைத் திரும்பக் கொட்டி மூடினால் அது முன்பிருந்த மண் போல இறுகிக் கிடக்காது. உள்ளே காற்றும் தண்ணீரும் நிற்கும். போகப் போகப் பெட்டியும் உக்கி உள்ளே இறங்கும். நம்முடைய மயானம் சரிவில் இருக்கிறது, மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் இளகிய மண்ணைத் தேடித்தான் போகும். அப்படிப்பட்ட மண்ணின்மேல் இப்போது சீமெந்துத் தட்டுப் போட்டால் அடியில் மண் இறங்கும், தட்டு மட்டும் அந்தரத்தில் நிற்கும். பிறகு நடுவில் வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய்க் குழி இன்னும் இறங்கும். பளபளவென்று டைல்ஸ் பதித்து இரண்டாம் வருஷமே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் கல்லறைகள் நம் மயானத்திலேயே இருக்கின்றன. வந்தால் காட்டுகிறேன்.

முழுதாக ஒரு வருஷத்து மழை அதன்மேல் பெய்து போகட்டும். பெருமழைக்குப் பிறகு மேட்டைப் பார்த்தால் தெரியும்: நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கினாலோ, ஓரத்தில் மண் பிளந்து கோடு தெரிந்தாலோ அது இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டும் நின்ற பிறகு கட்டுவோம். அதற்கும் தோட்டத்து ஆபீஸில் முதலில் கேட்க வேண்டும், நிலம் அவர்களுடையது. இப்போதைக்கு நான் செய்திருப்பது சின்ன வேலைதான். மேல் பக்கமாக ஒரு சிறு கான் வெட்டித் தண்ணீரை விலக்கிவிட்டிருக்கிறேன். இறங்கிய இடத்தில் மண் போட்டு, மேலே புல் பத்தை வைத்து, சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன். மரச்சிலுவையின் அடிக்குத் தார் பூசியாயிற்று. மரம் உக்குவது எப்போதும் மண்ணோடு ஒட்டும் இடத்தில்தான்.

இடத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். வாசல் கல்லிலிருந்து இத்தனை அடி, பெரிய பாறையின் மேற்கு முனையிலிருந்து இத்தனை அடி என்று கயிறு பிடித்து அளந்து கொப்பியில் எழுதியிருக்கிறேன். நீ போனில் இடத்தைப் பதிந்து வைத்தது போதாது. அது சில மீற்றர் தள்ளிக் காட்டும், அந்தச் சில மீற்றருக்குள் நான்கைந்து குழிகள் இருக்கின்றன. சிலுவை விழுந்த குழியைப் பத்து வருஷம் கழித்துத் தேடிவரும் பிள்ளைகள் யாரோ ஒருவரின் மேட்டில் திரி கொளுத்திவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆத்துமாவுக்கும் அது நல்லதுதான். ஆனாலும் உன் அம்மாவை நீ தேடக் கூடாது.

இனி நாள் விஷயம். நவம்பர் 2 திங்கட்கிழமை, மரித்த விசுவாசிகளின் திருநாள். உனக்குக் கடையில் லீவு கிடைக்காது. தீபாவளி 8ஆம் திகதி ஞாயிறு, அதற்குத்தான் எல்லோரையும் ஊருக்கு விடுவார்கள். இரண்டு தரம் வர உனக்கு முடியாது. ஆகவே 6ஆம் திகதி வெள்ளி இரவே புறப்பட்டு வா. சனிக்கிழமை 7ஆம் திகதி காலையில் மயானத்துக்குப் போவோம். தீபாவளி அன்று உன் சித்தி வீட்டார் சாவு நினைவு பேச விரும்பமாட்டார்கள், அது அவர்கள் முறை, அதை மதிப்போம். சனிக்கிழமை அவர்களும் வருவார்கள். சித்தி தேங்காயும் சாம்பிராணியும் பூவும் கொண்டுவருவாள். தடுக்காதே. உன் அம்மா இருந்த வரைக்கும் ஆடி அமாவாசைக்குச் சித்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவள்தான். சாராயப் போத்தல் மட்டும் குழியில் வைக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏன் 8ஆம் திகதிக்குள் என்று அடித்துச் சொல்கிறேன் என்று கேட்பாய். நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளிலாவது கல்லறைக்குப் போய், மனதுக்குள்ளேயாவது மரித்தவர்களுக்காக வேண்டிக்கொண்டால், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமா ஒன்றுக்குப் பரிபூரண பலன் உண்டு என்பது திருச்சபையின் ஒழுங்கு. மற்ற நாட்களில் போனாலும் பலன் உண்டு, ஆனால் முழுதாக அல்ல. கொரோனா வந்த 2020இல் கூட்டம் சேரக்கூடாதென்று ரோமாபுரி இந்த எட்டு நாளை நவம்பர் மாதம் முழுவதற்கும் நீட்டியது. அது அந்தக் காலத்துக்குக் கொடுத்த சலுகை.

அதற்கு நிபந்தனைகள் உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். நன்மை வாங்க வேண்டும். பாப்பரசரின் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னால் போதும். எந்தப் பாவத்தின் மேலும், அது சின்னதானாலும், மனம் ஒட்டியிருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். அது குறைந்தால் கிடைப்பது முழுப்பலன் அல்ல, ஒரு பங்குதான். பாவசங்கீர்த்தனம் ஒருமுறை செய்தால் பல நாளுக்குப் போதும். நன்மையும் பாப்பரசருக்கான வேண்டுதலும் ஒவ்வொரு நாளும் வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவர் ஒரு முழுப்பலன்தான் பெறலாம்.

இதில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லறை பொகவந்தலாவையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நீ கொட்டாஞ்சேனையில் இருக்கிறாய். வேலை முடிந்து, ஏலுமான நாளில் மாதம்பிட்டி மயானத்துக்குப் போய் நின்று உன் ஆட்களுக்காக வேண்டிக்கொள்ளலாம். அதே நாளில் புனித லூசியாள் பேராலயத்திலோ வேறு கோவிலிலோ பூசை கண்டு நன்மை வாங்கினால் போதும். நம் வீட்டில் செத்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள். அம்மா, தாத்தா, அம்மாயி, உன் சின்ன அண்ணன், நான் பார்த்தேயிராத பூட்டன் பூட்டி. ஒரு நாளைக்கு ஒருவராக வைத்துக்கொள். நீ, உன் பெண்சாதி, நான் என்று மூன்று பேர் சனிக்கிழமை நன்மை வாங்கி மயானத்துக்குப் போனால் அன்று மூன்று பேருக்காக ஒப்புக்கொடுக்கலாம். அம்மாவை நீ எடுத்துக்கொள். பூட்டன் பூட்டியை எனக்கு விட்டுவிடு.

அவர்களுக்குக் கல்லறை இல்லை. தேயிலைக்குள் புதைத்தார்கள், அதற்குமேல் தேயிலை மறுபடி நட்டாயிற்று. அவர்களுக்காக மயானத்தின் நடுச்சிலுவையடியில் ஒரு திரி வை. சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது அந்தச் சிலுவையிலும் தெளிப்பார், அது பெயர் தெரியாத எல்லோருக்குமானது.

இதே பள்ளத்தாக்கில் ஒரு கல்லறையை மட்டும் வெள்ளைக்காரர்கள் இன்றைக்கும் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். இங்கிலிஸ் சபையின் புனித மரியாள் கோவில் வளவில் இருக்கிறது. படம்பிடிக்கிற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879இல் இங்கே செத்து அங்கே அடக்கமானவர். அடுத்த வருஷம் அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் பக்கத்திலேயே. பள்ளிக்கூடத்தில் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று பாடமாக்கினாயே, அதே கமரன்தான். அந்த அம்மையார் இலங்கையில் கூலியாட்களையும் படம் பிடித்தார். படத்தில் நிற்கிறவர்களில் பலருக்குப் பெயரில்லை. கோபத்துக்காக இதைச் சொல்லவில்லை, அவர்களுக்கும் ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம். உன் தாளில் பெயர் எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

மெழுகுதிரி கொழும்பிலிருந்தே வாங்கி வா, கட்டையான தடித்த திரி. நீளமாக மெல்லிசாக இருப்பது நம் காற்றுக்கு ஒரு பக்கமாக உருகி வளைந்து விழும். பால்மா டின்னின் மேல்பக்கம் வெட்டி, அடியில் ஆணியால் துளை போட்டு வைத்திருக்கிறேன். தூறல் விழுந்தால் தண்ணீர் வடிந்துவிடும். பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மூடினால் அது உருகும், வாய் குறுகிய கண்ணாடிப் போத்தலில் காற்றுப் போதாமல் திரி அணையும். டின்னை மண்ணில் விரலளவு பதித்து, திரி நிற்க மணல் போட்டு வைத்தால் ஆடாது. புல் பத்தைக்கு மேல் வைக்காமல் கல் அடுக்கிய ஓரத்தில் வை. மகளுக்கும் ஒரு திரி கொடு. தலைமுடியைப் பின்னிக் கட்டிவிடு, அவள் குனிந்துதான் பார்ப்பாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் இடியும் மழையும். பன்னிரண்டுக்குள் இறங்கிவிட்டால் நல்லது. புல்லில் அட்டை இருக்கும், காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாளே கவ்வாத்துக் கத்தியால் புல்லை வெட்டி வைத்துவிடுவேன். குழியில் முதலில் ஒரு செபமாலை சொல்வோம், நீ முன்சொல். உனக்குக் குரல் வராவிட்டால் நான் சொல்கிறேன். பிறகு நித்திய இளைப்பாற்றிச் செபம். அழுகை வந்தால் நிறுத்தாதே, ஆனால் செபத்தை முடித்துவிட்டு அழு. பாதியில் விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால் பேச்சு சீமெந்துக்கும் காணிக்கும் போய்விடும், அது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது.

டைல்ஸுக்கு என்று அனுப்பிய காசில் கொஞ்சத்தை அம்மா பேரில் ஒரு பூசைக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டு எழுது. நவம்பரில் எல்லோரும் கேட்பதால் நாள் நிரம்பிவிடும், இந்த வாரமே சாமியாரிடம் சொல்ல வேண்டும். மீதிக் காசு என்னிடம் இருக்கும். மண் இறங்கி நின்ற பிறகு நீயும் நானும் சேர்ந்து கட்டுவோம். பஸ்ஸுக்கு நெரிசல் இருக்கும், ஹற்றன் வரை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கிறதா என்று இப்போதே பார்.

அன்புடன்,
உன் மாமா