காடு மூச்சு விடும் கோடு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பாசோ வனக் காப்பகத்தில், மர உச்சிகளையும் தாண்டி 52 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. இத்தகைய கோபுரங்களின் மேல் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று, காற்று மேலே செல்கிறதா கீழே வருகிறதா என்பதை மீயொலியால் அளக்கும். மற்றொன்று, அக்காற்றிலுள்ள கரிவளியை அளக்கும். இரண்டும் வினாடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ பதிவு செய்யும்.

காட்டின் மேல் காற்று சிறுசிறு சுழல்களாகப் புரள்கிறது. கீழிறங்கும் சுழலில் கரிவளி மிகுந்தும், மேலேறும் சுழலில் குறைந்தும் இருந்தால், இடையில் காடு அதை எடுத்துக்கொண்டது என்று பொருள். அரை மணி நேரச் சராசரி ஒரு புள்ளியாகும். 48 புள்ளிகளை இணைத்தால் ஒரு நாளின் வளைகோடு கிடைக்கும். கோடு சுழியத்திற்குக் கீழே இருந்தால் காடு கரிவளியை உள்வாங்குகிறது; மேலே இருந்தால் வெளிவிடுகிறது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. இரவு முழுவதும் கோடு சுழியத்தை ஒட்டியே கிடக்கும். காலை எட்டு மணி அளவில் திடீரென மேலே எகிறும். சூரியன் உதித்தபின் காடு அதிகமாக மூச்சு விடுகிறதா? இல்லை. இரவில் காற்று பெரும்பாலும் அதிகம் அசைவதில்லை. மரங்களும் மண்ணும் வெளிவிடும் கரிவளி கிளைகளுக்கு அடியிலேயே தேங்குகிறது. வெயில் பட்டுக் காற்று கலங்கியதும் அது மொத்தமாக மேலேறுகிறது.

ஆகவே, கோபுரத்தின் பல உயரங்களில் கரிவளியை அளந்து, தேக்கத்தின் மாற்றத்தையும் கூட்ட வேண்டும். அக்கூட்டுத்தொகையே நிகரப் பரிமாற்றம். மாதிரிக்குச் சில எண்களைப் பார்ப்போம். (அலகு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு வினாடிக்கு, மைக்ரோமோல்.) நள்ளிரவில் சுழல் அளவு +1, தேக்கம் +5, நிகரம் +6. காலை 8.30-க்குச் சுழல் அளவு +9, தேக்கம் −11, நிகரம் −2. அதாவது, கோடு எகிறும் அதே நேரத்தில் ஒளிச்சேர்க்கை தொடங்கிவிட்டது!

பிற்பகலில் வெயில் இருந்தும் கோடு சுழியத்தை நோக்கி ஏறுவதுண்டு. காற்று உலர்ந்ததால் இலைகள் தம் துளைகளைச் சுருக்கிக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

தேங்கியது காலையில் மேலேறினால் நாள் கணக்கு நேராகிவிடும். ஆனால், சரிவான நிலத்தில் அது இரவிலேயே பள்ளத்தை நோக்கி வழிந்துவிட்டால் எந்தக் கருவியிலும் பதிவாகாது. காடு உண்மையில் சேமித்ததைவிட அதிகம் சேமித்ததாகக் கணக்கு காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காட்டின் சுவாசம் காற்றின் வேகத்தைப் பொறுத்ததன்று. எனவே, அமைதியான இரவுகளில் மட்டும் நிகர அளவு குறைந்தால், அந்த எண்களை ஆய்வாளர் நீக்கிவிட்டு, காற்று நன்கு வீசிய இரவுகளின் அளவைக் கொண்டு அவ்விடத்தை நிரப்புவார்.