மேலாளர் பெயரைக் கொண்டு ஆள் எண்ணுதல்

போலகம் எந்தக் கொம்யூனைச் சேர்ந்தது என்று கேட்டால் திருமலைராயன்பட்டினம் என்போம். அந்தக் கொம்யூன் எந்த மாவட்டம் என்றால் காரைக்கால் என்போம். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த மேற்படியை மட்டுமே காட்டுகிறது. ஊழியர் பட்டியல்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ஊழியர் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய நேர் மேலாளர் மட்டுமே குறிக்கப்பட்டிருப்பார். ஒருவரையும் சேர்த்து அவர் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

ஆரக்கிள் என்னும் கணினி நிறுவனம், பழகுவோருக்காக EMP என்ற 14 பேர் கொண்ட பட்டியலைப் பல்லாண்டுகளாகக் கொடுத்து வந்தது. அதில் கிங் என்பவருக்கு மட்டும் மேலாளர் இல்லை. ஜோன்ஸ், பிளேக், கிளார்க் மூவரும் அவருக்குக் கீழ் உள்ளனர். ஜோன்ஸின் கீழ் ஸ்காட், ஃபோர்ட். ஸ்காட்டின் கீழ் ஆடம்ஸ். ஃபோர்டின் கீழ் ஸ்மித். பிளேக்கின் கீழ் ஐவர், கிளார்க்கின் கீழ் மில்லர் ஒருவர்.

ஆளுக்கு 1 என்று எழுதிக்கொண்டு, பட்டியலில் பெயர்கள் வரும் வரிசையிலேயே ஒவ்வொருவர் கணக்கையும் அவரவர் மேலாளரிடம் கூட்டினால் என்ன ஆகும்? ஜோன்ஸ் நான்காவதாக வருகிறார். அப்போது அவர் கையில் இருப்பது தம்முடைய 1 மட்டுமே. அதைக் கிங்கிடம் கொடுத்துவிட்ட பிறகுதான் ஸ்காட்டும் ஃபோர்டும் தங்கள் கணக்கைக் கொண்டு வருகிறார்கள்! இப்படிச் செய்து பார்த்தால் கிங்குக்கு 7 தான் கிடைக்கிறது. சரியாகப் பாதிப் பேர் விடுபட்டுப் போகிறார்கள்.

ஆகவே வரிசையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். மேலாளர் பத்தியில் யார் பெயர் வரவே இல்லையோ, அவருக்குக் கீழ் ஒருவரும் இல்லை. இங்கே அப்படி எட்டுப் பேர். அவர்களுடைய 1 ஐ மேலாளரிடம் கூட்டிவிட்டு அவர்கள் பெயரை அடித்துவிடலாம். இப்போது ஸ்காட்டுக்கு 2, ஃபோர்டுக்கு 2, பிளேக்குக்கு 6, கிளார்க்குக்கு 2. கீழே இருந்தவர்கள் அனைவரும் அடிக்கப்பட்டுவிட்டதால் இந்த நால்வரும் தங்கள் கணக்கை மேலே கொடுக்கலாம். ஜோன்ஸ் 1+2+2=5 ஆகிறார். அவரும் கொடுத்த பின் கிங்குக்கு 1+5+6+2=14.

உச்சியில் உள்ளவரின் கணக்கு, பட்டியலின் வரிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலிலேயே பிழை உண்டு. கிளார்க்கின் மேலாளராகப் பட்டியலில் இல்லாத ஒருவரைக் குறித்துவிட்டால், அவருடைய 2 போய்ச் சேர இடமின்றி நிற்கும். கிங்குக்கு 12 தான் வரும். அதற்குப் பதிலாக ஃபோர்டின் மேலாளர் ஸ்மித் என்று தவறாக எழுதிவிட்டாலும் அதே 12 தான். ஆனால் இம்முறை ஃபோர்ட் ஸ்மித்துக்காகவும், ஸ்மித் ஃபோர்டுக்காகவும் காத்திருப்பார்கள். இருவர் பெயரும் கடைசிவரை அடிபடாமலே இருக்கும். முதற்பிழையில் அப்படி ஒருவரும் மிஞ்சுவதில்லை. ஆகவே 12 என்று வந்தால், அடிபடாத பெயர் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்தே எந்தப் பிழை என்று சொல்லிவிடலாம்.