கல்லுக்குள் வளர்ந்த வரிகள்

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிப் பரவியது. அதில் கரைந்திருந்த வளிமங்கள் குமிழிகளாகப் பிரிந்து மேலெழுந்தன. அவை வெளியேறுமுன் குழம்பு இறுகிவிடவே, பசால்ட் பாறைக்குள் குழிகள் எஞ்சின. பாறை குளிர்ந்த பின்னரே அக்குழிகளில் அகேட் கல் வளரத் தொடங்கியது.

பாறையின் நுண்வெடிப்புகள் வழியே கசிந்த நீர், தன்னுள் கரைந்திருந்த சிலிக்காவைக் குழியின் சுவரில் படியவிட்டது. கண்ணுக்குப் புலப்படாத நார் போன்ற படிகங்கள் சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்தன. இரும்பு முதலிய கலப்புகளின் அளவும் படிகங்களின் பருமனும் மாறுந்தோறும் புதியதொரு வரி தோன்றியது. ஆகவே, அறுத்த கல்லில் வெளிவிளிம்பை ஒட்டிய வரியே மூத்தது, நடுவிலுள்ளது இளையது. சில கற்களின் அடிப்பகுதியில் மட்டும் நேர்கோட்டு வரிகள் காணப்படும். அவை குழியின் தரையில் கிடைமட்டமாகப் படிந்தவை. பாறை பிற்காலத்தில் சாய்ந்திருப்பின், அச்சாய்வை இவ்வரிகளே காட்டிக்கொடுக்கும்.

நீரில் சிலிக்கா குறைந்தபோது புதிய படிகங்கள் தோன்றுவது அரிதாயிற்று. இருந்த சிலவே மெல்லப் பெருத்துக் கூர்முனை கொண்ட குவார்ட்சுகளாயின. குழி நிரம்புமுன் சிலிக்காவின் வரத்து நின்றுவிட்டால், படிகங்கள் சூழ்ந்த பொந்து நடுவில் எஞ்சும். அதுவே ஜியோடு.

பசால்ட் எளிதில் சிதைந்து மண்ணாகிறது. அகேட்டோ சிதையாமல் நிற்கிறது. குஜராத்தின் ரத்தன்பூரில் சரளைப் படிவுகளைத் தோண்டி அகேட் எடுப்பது இதனால்தான். புறத்தோற்றத்தில் அக்கற்கள் கரடுமுரடான உருண்டைகளே. ஒரே பருமனுள்ள இரண்டைத் தூக்கிப் பார்க்கையில், இலேசானதன் உள்ளே பொந்து இருக்கக்கூடும்.