நல்லூர்க் கொடி என்றைக்கு ஏறும்? பிள்ளைகளுக்கு ஒரு மாத அட்டவணை

தங்கச்சி, 2025 இல் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்பவும் மனம் கேட்பதில்லை. அதற்கு முதல் வருஷம் நல்லூர்த் தேர் செப்டெம்பர் 1 இல் ஓடினது. அதே கணக்கில் நீ ரொறன்ரோவிலிருந்து ஓகஸ்ட் 25 இல் வந்து இறங்குகிற மாதிரி ரிக்கெற் போட்டாய். தேர் 21 ஆம் திகதியும் தீர்த்தம் 22 ஆம் திகதியும் முடிந்துவிட்டன. நீ பிள்ளைகளோடு கோயில் வீதிக்கு வந்தபோது தண்ணீர்ப்பந்தல் கட்டின கம்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, கிறிஸ்மஸ் மாறாதெல்லோ, நல்லூர் மட்டும் ஏன் மாறுது?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் இந்த அட்டவணை. ஆயத்தமாக அச்சடித்ததை வாங்கி ஒட்டாதே. பெரிய மட்டை ஒன்றை எடுத்து, பிள்ளைகளையே கோடு கீறச் சொல்லு.

நாலு நிரல் போதும்: தமிழ் மாதம், எங்கட ஊரில் வெளியில் என்ன நடக்குது, உங்கட ஊரில் வெளியில் என்ன நடக்குது, பண்டிகை. முதல் நிரலில் பெயரோடு பிறக்கிற திகதியையும் எழுத வேணும். தமிழ் மாதம் சூரியனை வைத்துப் பிறப்பது. அதனால் எல்லா மாதமும் ஆங்கில மாதத்தின் 12 ஆம் திகதிக்கும் 18 ஆம் திகதிக்கும் இடையில்தான் பிறக்கும். சித்திரை ஏப்ரல் 14 அளவில், ஆடி யூலை 17 அளவில், தை ஜனவரி 14 அல்லது 15 இல். "ஆடி என்றால் யூலை" என்று மட்டும் எழுதினால் பாதி மாதம் பிழைத்துப் போகும். ஆடியின் பின்பாதி ஓகஸ்டில் கிடக்குது.

பண்டிகை நிரலுக்கு மூன்று நிறப் பென்சில் வேணும். சூரியனோடு வருகிறவை செம்மஞ்சள்: வருடப்பிறப்பு, ஆடிப்பிறப்பு, தைப்பொங்கல். இவை ஒரு நாளுக்கு மேல் அசையா. பிறையோடு வருகிறவை நீலம்: ஆடி அமாவாசை, நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி, சிவராத்திரி. நட்சத்திரத்தோடு வருகிறவை பச்சை: வைகாசி விசாகம், தைப்பூசம், பங்குனி உத்தரம். பச்சையில் மாதத்தின் பெயரோடு நட்சத்திரத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நல்லூர் நீலம். சின்னவளின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கு. ஆடி அமாவாசையை முதல் நாளாக வைத்து எண்ணினால் ஆறாம் நாள் கொடியேற்றம். அதிலிருந்து இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம். அதையும் அவளோடு எண்ணிப் பார்:

2023: அமாவாசை ஓகஸ்ட் 16, கொடி ஓகஸ்ட் 21
2024: அமாவாசை ஓகஸ்ட் 4, கொடி ஓகஸ்ட் 9
2025: அமாவாசை யூலை 24, கொடி யூலை 29

பன்னிரண்டு அமாவாசை வந்து போக 354 நாள் பிடிக்கும். வருஷத்துக்கு 365 நாள். அந்தப் பதினொரு நாள் வித்தியாசத்தால் ஒவ்வொரு வருஷமும் திருவிழா முன்னுக்கு வருது. அப்படியே வந்துகொண்டிருந்தால் ஆடியை விட்டு ஆனிக்குள் போய்விடுமே என்று பெரியவன் கேட்பான். கேட்க வேணும். 2026 இல் யூலை நடுவில் வருகிற அமாவாசை ஆனிக்குள் விழுந்துவிடுது, ஆகவே அது ஆடி அமாவாசை இல்லை. அடுத்தது ஓகஸ்ட் 12 இல். திருவிழா திரும்பவும் பின்னுக்குப் பாயும். அடுத்த தரம் ரிக்கெற் போட முதல் ஆடி அமாவாசையைப் பிள்ளைகளைத் தேடிச் சொல்லச் சொல்லு.

இனி இரண்டாம் நிரல். புத்தகத்தில் உள்ள ஆறு பருவத்தையும் அப்படியே எழுதிவிட்டு நிற்காதே. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு ஆவணியில் நல்லூருக்கு வருகிற பிள்ளை குடையோடு வரும். இங்கே அந்த நேரம் மத்தியானத்தில் வீதி மணலில் வெறுங்காலை வைக்க ஏலாது. எங்களுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று, அது ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்யும். ஆகவே பருவத்தின் பெயரை மேலே எழுதி, கீழே ஊரில் கண்ணால் காணுவதை எழுது. ஆடி, ஆவணியில் சோளகம் வீசும், பனம்பழம் விழும். கார்த்திகையில் கிணறு நிறையும். தையில் நெல் வெட்டுவார்கள், வாடைக்காற்று வீசும், அதனால்தான் பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏறுது. அது பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டால் அந்த வரியை மறக்கமாட்டார்கள்.

மூன்றாம் நிரலைப் பிள்ளைகள்தான் நிரப்ப வேணும். பொங்கலன்று உங்கட யன்னலுக்கு வெளியே பனி கொட்டும். சிட்னியில் இருக்கிற மச்சாளின் பிள்ளைகளுக்கோ அது நடுக்கோடை. இரண்டு அட்டவணையையும் படம் எடுத்து ஆளுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கட்டும்.

மாதிரிக்கு ஆடி வரிசையை மட்டும் முழுதாகச் சொல்லுகிறேன். செம்மஞ்சளில் ஆடிப்பிறப்பு, கூழும் கொழுக்கட்டையும். கூழுக்கு வறுத்த பயறு, பச்சையரிசி மா, தேங்காய்ப்பால், பனங்கட்டி. மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு ஊற்று. கொதிக்கிற பாலில் நேரே மாவைப் போட்டால் உருண்டை உருண்டையாக நிற்கும், பிறகு கரைக்க ஏலாது. ஊரில் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்தோம். உங்களுக்குச் சின்னக் கிண்ணம் போதும். அதற்குக் கீழே நீலத்தில் ஆடி அமாவாசை. கீரிமலையில் தீர்த்தமாடி, தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற நாள், காத்தோட்டிக்காய் சமைக்கிற நாள். எங்கட அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்துக்குள் எழுதச் சொல்லு. சித்திரைப் பௌர்ணமி அப்படியே தாய்மாருக்கு.

தமிழ்நாட்டு அட்டவணையைப் பார்த்து எழுதினால் சில இடம் பிசகும். புரட்டாசி எங்களுக்குப் புரட்டாதி, மாட்டுப் பொங்கல் பட்டிப்பொங்கல், கார்த்திகைத் தீபம் விளக்கீடு. அம்மம்மாவோடு ரெலிபோனில் கதைக்கிறபோது பிள்ளைகள் சொல்லுகிற பெயர் அவவின் வாயில் உள்ள பெயராக இருக்கட்டும்.

இன்னொன்று, கோடைகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. இங்கே ஏப்ரல் 14 விடிய மூன்று மணிக்கு வருஷம் பிறந்தால், அங்கே அது 13 ஆம் திகதி பின்னேரம் ஐந்தரை. திதிக்கும் இப்படித்தான். ஆகவே விரதத்துக்கு உங்கட ஊர்க் கோயில் நோட்டீஸில் போடுகிற நாளை எடு, நல்லூருக்கு மட்டும் இங்கத்தைய திகதியை எழுது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சிலவேளை ஒரு நாள் விலகி நிற்கும். இரண்டையும் கலந்தால் பிள்ளை குழம்பிப் போகும், நம் வீட்டில் அம்மா பார்ப்பது வாக்கியம், அதையே வைத்துக்கொள்.

செம்மஞ்சள் திகதிகளைப் பேனையால் எழுதலாம். நீலத்தையும் பச்சையையும் அழிக்கிற மாதிரி மெல்லமாக எழுத வேணும். சித்திரைக்கு முதல் புதுப் பஞ்சாங்கம் கடைக்கு வந்ததும் ஆடிப் பக்கத்தை முதலில் படம் எடுத்து அனுப்புகிறேன், சின்னவளைக் கொண்டு ஆறு நாளை எண்ணுவி.