விடுதி மாணவர் எழுதும் முறையீடு

அரசு நல விடுதி மாணவர் சிலர், "காப்பாளர் எங்களைக் கொடுமைப்படுத்துகிறார்" என மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவதாகக் கொள்க. காப்பாளர் இதனை ஒரே சொல்லில் மறுத்துவிடுவார். "ஜூலை 14 இரவு, சோற்றில் புழு கிடந்ததைச் சொன்ன இருவரைப் பத்து மணி வரை மழையில் நிறுத்தினார், மறுநாள் காலை உணவும் மறுத்தார், எதிர் அறை மாணவர் நால்வர் கண்டனர்" என்பதை மறுப்பது எளிதன்று. யாரைக் கேட்பது, எந்நாள் உணவுப் பதிவேட்டைப் பார்ப்பது என்பது விசாரிப்பவருக்குத் தெளிவாகிறது.

காப்பாளரின் வசைச்சொல்லை நாகரிகம் கருதி மென்மையாக்குதல் கூடாது. சாதியைச் சுட்டிய சொல்லாயின் அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகலாம். கேள்வியுற்றதைக் கேள்வியுற்றதாகவே எழுதுதல் வேண்டும்.

ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை அளித்து ஒப்புகைச் சீட்டைப் பெறலாம். மனு அங்கிருந்து துறை அலுவலருக்குச் செல்லும். இடர் தொடங்குவது இங்கேதான். விளக்கம் கேட்கும் பொருட்டு அம்மனு காப்பாளரின் கைக்கே வந்து சேரக்கூடும். கையொப்பமிட்டவர் அன்றிரவும் அதே விடுதியில்தான் உறங்கவேண்டும்! ஆதலால் கோரிக்கைப் பகுதியில், "காப்பாளர் இல்லாத வேளையில் எங்களைத் தனித்தனியே விசாரிக்கவும், எங்கள் பெயர்களை அவருக்குத் தெரிவியாதிருக்கவும் வேண்டுகிறோம்" எனச் சேர்த்தல் இன்றியமையாதது. பெயரைக் குறிப்பிடாமலே விடுவது இதற்கு மாற்றாகாது. அத்தகைய மனுக்கள் பெரும்பாலும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

உடலில் காயம் ஏற்பட்டிருப்பின், மனுவின் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறுவதோடு, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அன்றே அழைக்கலாம்.